பவர் பிஐயா, பைதானா: வேலை விளம்பரங்களை எண்ணியபோது கிடைத்த விடை

எக்ஸெலும் எஸ்க்யூஎல்லும் தெரிந்த கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் தரவு ஆய்வாளர் வேலைக்கு மாற விரும்பினால், அடுத்து எதைக் கற்க வேண்டும்? என் முன் நின்ற கேள்வி இது. பவர் பிஐ, பைதான் இரண்டில் நான் பவர் பிஐயை எடுத்தேன். சென்னையில் இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்காத விளம்பரங்களைச் சேர்த்து, எந்தத் திறனைக் கற்றால் எத்தனை வேலைகளுக்குப் புதிதாகத் தகுதி வரும் என்று எண்ணிய பிறகு எடுத்த முடிவு அது. எந்தத் திறன் எத்தனை முறை வருகிறது என்று வெறுமனே எண்ணியிருந்தால் பைதானைத்தான் எடுத்திருப்பேன்.

பலரும் கேட்கும் விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பைதான் இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும். பவர் பிஐ டெஸ்க்டாப்பும் இலவசம்தான். ஆனால் விண்டோஸ் வேண்டும். பைதானைப் பல துறைகளில் பயன்படுத்தலாம், பவர் பிஐ அறிக்கை தயாரிப்பதற்கு மட்டும். இவற்றை வைத்து எனக்கு எந்தப் பக்கமும் முடிவு வரவில்லை.

முடிவைத் தந்தது வேறொரு கணக்கு. ஒரு திறன் எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்பதைவிட, அதை மட்டும் கற்றால் எத்தனை விளம்பரங்களுக்குப் புதிதாக நாம் முழுத் தகுதி பெறுகிறோம் என்பதுதான் முக்கியம். வித்தியாசம் புரிவதற்காக ஆறு மாதிரி விளம்பரங்களை எழுதுகிறேன். இரண்டாவதில் வரும் டாப்லோவும் பவர் பிஐ போல அறிக்கை தயாரிக்கும் கருவிதான்.

1. எக்ஸெல், எஸ்க்யூஎல், பவர் பிஐ
2. எக்ஸெல், பவர் பிஐ அல்லது டாப்லோ
3. எஸ்க்யூஎல், பைதான், புள்ளியியல்
4. எக்ஸெல், எஸ்க்யூஎல், பைதான், பவர் பிஐ
5. எஸ்க்யூஎல், பைதான், புள்ளியியல், இயந்திரக் கற்றல்
6. எஸ்க்யூஎல், பைதான்

இதில் பைதான் நான்கு இடங்களில் வருகிறது, பவர் பிஐ மூன்றில். வெறும் எண்ணிக்கையில் பைதானுக்கே முதலிடம். ஆனால் எக்ஸெலும் எஸ்க்யூஎல்லும் மட்டுமே தெரிந்தவர் பைதானைக் கற்று முடித்தாலும் அவருக்குத் திறப்பது ஆறாவது விளம்பரம் ஒன்றுதான். மற்ற மூன்றிலும் இன்னொரு திறனாவது குறுக்கே நிற்கிறது. பவர் பிஐ கற்றால் முதல் இரண்டும் உடனே திறக்கின்றன. நான் சேர்த்த விளம்பரங்களிலும் இதே போக்குதான் தெரிந்தது: பைதான் தனியாக வருவது குறைவு, புள்ளியியலோ இயந்திரக் கற்றலோ கூடவே வந்தது; பவர் பிஐ பெரும்பாலும் எக்ஸெல், எஸ்க்யூஎல் இரண்டோடு வந்தது. அந்த இரண்டும் என்னிடம் ஏற்கெனவே இருந்தன.

விரிதாளில் இதைச் செய்வது எளிது. ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரிசை, ஒரு திறனுக்கு ஒரு பத்தி. கட்டாயம் என்று கேட்டிருந்தால் 1, இல்லையென்றால் 0. எக்ஸெல், எஸ்க்யூஎல் என்று தெரிந்த திறன்கள் B, C பத்திகளில். தெரியாதவை D முதல் I வரை: பவர் பிஐ, டாப்லோ, 'இரண்டில் ஒன்று', பைதான், புள்ளியியல், இயந்திரக் கற்றல். J பத்தியில் நம்மிடம் இல்லாத திறன்களின் கூட்டுத்தொகை. அது 1 ஆக இருக்கும் வரிசைகள்தான், ஒரே ஒரு திறன் தொலைவில் உள்ள வேலைகள்.

```
J2:        =SUM(D2:I2)
பவர் பிஐ:  =COUNTIFS(J2:J200,1,D2:D200,1)
           +COUNTIFS(J2:J200,1,F2:F200,1)
பைதான்:    =COUNTIFS(J2:J200,1,G2:G200,1)
```

'இரண்டில் ஒன்று' என்ற F பத்தி அவசியம். 'பவர் பிஐ அல்லது டாப்லோ' என்று கேட்கும் விளம்பரத்தில் இரண்டு பத்திகளிலும் 1 போட்டால், இல்லாத திறன் இரண்டு என்று கணக்கு காட்டும். ஒரு படியில் எட்டக்கூடிய வேலை பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இப்படி வரும் விளம்பரங்கள் ஏராளம். டாப்லோவை நான் தனிப் போட்டியாளராக எடுத்துக்கொள்ளாததற்கும் இதுவே காரணம்: அந்த விளம்பரங்களில் இரண்டில் எது தெரிந்தாலும் போதும், டாப்லோவை மட்டும் கேட்டவை என் தாளில் குறைவு.

தானாகத் தேடி 1, 0 போட நினைப்பவர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். `*excel*` என்று தேடினால் `excellent communication skills` என்ற வரியும் அகப்படும். அந்த வரி இல்லாத விளம்பரம் அரிது. விளம்பரத்தின் உரை A பத்தியில் இருந்தால், முழுச் சொல்லாகத் தேட கூகுள் விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
=IF(REGEXMATCH(LOWER(A2),"\bexcel\b"),1,0)
```

இதிலும் `excel in a fast-paced environment` தப்பி உள்ளே வரும். ஆர் மொழியை இதே முறையில் தேடினால் `R&D` எல்லாம் ஆர் மொழியாகிவிடும். எக்ஸெலின் எண்ணிக்கை கிட்டத்தட்ட எல்லா விளம்பரங்களையும் தொட்டால், அகப்பட்ட வரிகளில் சிலவற்றைப் படித்துப் பாருங்கள். நூறு, இருநூறு விளம்பரங்கள் என்றால் கையாலேயே குறிப்பது நல்லது என்பேன். 'இருந்தால் நல்லது' என்ற பகுதியில் வரும் திறனைக் கட்டாயத் திறனோடு சேர்க்காமல் இருக்க அப்போதுதான் முடிகிறது. பைதான் பல இடங்களில் அந்தப் பகுதியில்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே வேலையைப் பல ஆள்தேர்வு முகமைகள் தனித்தனியாக வெளியிடுவது. நிறுவனத்தின் பெயர் மறைந்திருக்கும், தலைப்பு மாறியிருக்கும், ஆனால் பொறுப்புகளின் பட்டியல் எழுத்துப் பிழை உட்பட ஒன்றாகவே இருக்கும். பொறுப்புகளின் முதல் வரியை ஒரு பத்தியில் ஒட்டி அகர வரிசைப்படுத்தினால் இரட்டைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். இதைச் செய்யாவிட்டால் ஒரே நிறுவனத்தின் விருப்பம் சந்தையின் விருப்பம்போல் தோன்றும்.

கற்கும் உழைப்பிலும் பவர் பிஐ எனக்குக் கைகொடுத்தது. தரவைச் சுத்தம் செய்யும் பவர் குவெரி எக்ஸெலிலும் இருப்பதுதான், எனவே அந்தப் பகுதி பழகிய வேலை. கடினம் டாக்ஸ் சூத்திர மொழி. அறிக்கையில் எந்த மாதத்தை, எந்தக் கிளையைத் தேர்ந்திருக்கிறோம் என்பதற்கேற்ப ஒரே சூத்திரத்தின் விடை மாறும். `CALCULATE` அந்தத் தேர்வையே மாற்றி எழுதும். எக்ஸெலில் கட்டத்துக்குக் கட்டம் சிந்தித்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பவர் பிஐயின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும்: செய்த அறிக்கையை அதன் இணையச் சேவையில் ஏற்ற அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல் கணக்கு தேவை, ஜிமெயில் போதாது. செய்ததை வெளியாருக்குக் காட்டுவதில் டாப்லோ பப்ளிக் எளிது.

ஒரு திறன் கைவந்ததும் பழைய எண்கள் செல்லாது. மேலே உள்ள ஆறில் பவர் பிஐயைத் தெரிந்த பக்கம் நகர்த்துங்கள். இப்போது J2 சூத்திரம் `=SUM(E2,G2:I2)`. பைதான் கற்றால் நான்காவதும் ஆறாவதுமாக இரண்டு விளம்பரங்கள் திறக்கும். முன்பு ஒன்றுதான் திறந்தது. எந்த வரிசையில் கற்றாலும் கடைசியில் கைக்கு வருபவை அதே நான்கு வேலைகள்தான். ஆனால் முதல் படி முடிந்ததுமே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டியவருக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

என் கணக்கு ஒரு நகரத்துக்கும் தொடக்க நிலை வேலைகளுக்கும் உரியது. தரவுப் பொறியாளர் வேலைக்கோ, ஐந்தாறு ஆண்டு அனுபவத்துடன் மாறுபவர்களுக்கோ இதை நீட்டிச் சொல்ல மாட்டேன். நேர்காணலில் எந்தத் திறனைத் துருவிக் கேட்பார்கள் என்பதும் விளம்பரத்தில் தெரியாது. எக்ஸெலும் எஸ்க்யூஎல்லும் தெரிந்த புள்ளியியல் பட்டதாரிகளுக்கும் கணக்கு வேறு: அதே ஆறு விளம்பரங்களில் அவர்களுக்குப் பைதான் மூன்றாவதையும் ஆறாவதையும் திறக்கிறது, பவர் பிஐயும் இரண்டைத் திறக்கிறது. அப்படிச் சமமாக வந்தால் நான் பைதானையே சொல்வேன். அடுத்து இயந்திரக் கற்றல் சேர்ந்தால் ஐந்தாவதும் அவர்களுக்குத் திறக்கும்.