பாதியில் விட்ட டிகிரியை முடித்துத் தருகிறேன் என்று கடை போட்டிருப்பவர்களிடம் ஜாக்கிரதை

4,800 வெள்ளி போச்சு. செம்பனை ஆலை ஆபீஸில் கிளார்க் வேலை பார்க்கும் எனக்கு அது சின்னக் காசு இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இன்னும் கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

2010-இல் கணக்கியல் டிகிரியைப் பாதியில் விட்டேன். 120 கிரெடிட்டில் 84 முடித்திருந்தேன், அதாவது 28 பாடம். பழைய பல்கலைக்கழகத்தில் கேட்டால், படிப்புக்கான அதிகபட்சக் காலம் தாண்டியதால் என் பதிவே ரத்து, அந்தப் பாடத்திட்டமும் இப்போது இல்லை, திரும்பச் சேர வேண்டுமானால் புது மாணவியாகத்தான் என்றார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் டவுன் கடை வரிசையில் மாடியில் இருக்கும் ஒரு கல்வி ஏஜெண்ட், கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அப்பா எந்தத் தோட்டம், இப்போது உடம்பு எப்படி என்றெல்லாம் விசாரித்தான். அப்புறம் என் டிரான்ஸ்கிரிப்டை வாங்கி, பேனாவை வரிவரியாக இறக்கி டிக் போட்டான். "இது போகும்க்கா, இதுவும் போகும். 84-உம் அப்படியே ஏறிடும். மிச்சம் 36, மூணு செமஸ்டர்." அந்த டிக்குகளைப் பார்த்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் என் மார்க்கை யாரும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பதிவுக்கு 1,500, கிரெடிட் மாற்றத்துக்கு 3,300. மொத்தம் 4,800 வெள்ளி, அவன் சொந்தக் கணக்குக்கு.

அப்புறம் ஒரே சாக்குதான். சிஸ்டம் டௌன். மீட்டிங் தள்ளிப்போச்சு. தீபாவளி கழியட்டும்க்கா. கடைசியில் வாட்சப்பில் நீல டிக் மட்டும்.

லீவு போட்டு ஈப்போவில் அவன் சொன்ன கல்லூரிக்கே போனேன். பதிவுப் பிரிவில் இருந்த அம்மா கணினியில் தேடிவிட்டு, என் பெயரில் கிரெடிட் மாற்ற விண்ணப்பமே வரவில்லை என்றார். பாவம், அவருக்கு என்ன தலையெழுத்தோ, உட்கார வைத்து எல்லாம் விளக்கினார். கிரெடிட் மொத்தமாக மாறாதாம், பாடம் பாடமாகத்தான் பார்ப்பார்களாம். குறைந்தது சி கிரேடு வேண்டும், பழைய பாடத்தின் உள்ளடக்கம் அவர்கள் பாடத்தோடு 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். அதை டிரான்ஸ்கிரிப்டை வைத்துச் சொல்லவே முடியாது, பழைய பல்கலைக்கழகம் முத்திரை குத்திக் கொடுக்கும் பாட விவரத்தாள் வேண்டும். அந்தக் கடங்காரன் அதை என்னிடம் கேட்கவே இல்லை! எத்தனை வருடம் பழைய பாடத்தை ஏற்பார்கள் என்பதும் அந்தந்தக் கல்லூரியின் விதியாம்.

நான் எடுத்த கம்பெனிச் சட்டம் 1965 சட்டத்தை வைத்து நடத்தியது. இப்போது இருப்பது 2016 சட்டம், அதனால் அது அவுட். நிதி அறிக்கைப் பாடங்கள் 2012-இல் எம்.எஃப்.ஆர்.எஸ். என்ற புதுக் கணக்கியல் தரநிலை வருவதற்கு முந்தியவை, அதுவும் அவுட். பழைய கட்டாயப் பாடங்களுக்குப் பதிலாக 2013-இலேயே எம்.பி.யூ. என்ற புதுப் பொதுப்பாடத் தொகுதி வந்துவிட்டது. பொருளாதாரம், புள்ளியியல், நிர்வாகம் மாதிரி அடிப்படைப் பாடங்கள் தேறலாம். அவர் தோராயமாக எண்ணிப் பார்த்ததில் 28-இல் 11 பாடம், 33 கிரெடிட். மிச்சம் 36 இல்லை, 87. வேலை அனுபவத்தைக் காட்டி ஏபெல்-சி வழியில் கொஞ்சம் வாங்கலாம், ஆனால் அதுவும் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காட்டுக்கு மேல் போகாது, தேர்வு எழுதியோ அனுபவச் சான்றுகளைக் கோப்பாகக் கொடுத்தோதான் வாங்க வேண்டும்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டால், "ப்ராசசிங் ஃபீஸ் ரீஃபண்ட் இல்லக்கா, ரசீதுக்குப் பின்னாடி பாருங்க" என்கிறான். எதை ப்ராசஸ் பண்ணினாய், விண்ணப்பமே போகவில்லையே என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உட்காருங்க" என்றான். 4,800 வெள்ளி வாங்கினவன் பேசுகிற பேச்சு இது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், எரிச்சலில் இதுதான் வருகிறது. எந்தப் பாடம் ஏறும் என்று கல்லூரியே பாடவாரியாக எழுத்தில் தரும்வரை ஒரு காசு கட்டாதீர்கள். கட்டினாலும் கல்லூரிக் கணக்குக்கு மட்டும். சேரப் போகும் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் எம்.கியூ.ஏ.வின் MQR பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்த உடனே "எல்லாம் ஏறிடும்" என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு பாரம் 1 நிரப்பிக்கொண்டிருக்கிறேன், கட்டணம் 5 வெள்ளிதான், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இதே கடையில் காசு கொடுத்தவர்கள் இருந்தால் ரசீதையும் வாட்சப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே போவோம்.