ஜன்னல் இல்லாத குறுகிய நடைவழி: வெள்ளையா, கிரீமா, மஞ்சளா, சாம்பலா?

இருட்டான நடைவழி என்றதும் பலரும் எடுப்பது பளிச்சென்ற தூய வெள்ளை. பூசி முடித்து விளக்கைப் போட்டால், சுவர் வெளுத்த சாம்பலாகத் தெரிகிறது. பெயின்டில் குறை எதுவும் இல்லை. பகல் வெளிச்சம் எட்டாத இடத்தில் சுவருக்குக் கிடைப்பது விளக்கின் ஒளி மட்டும்தான். இரண்டு விளக்குகளுக்கு நடுவில் ஒளி குறையும் பகுதியை வெள்ளைச் சுவர் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

நிறங்களை ஒப்பிட ஓர் எண் உதவும். சுவரில் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை எல்.ஆர்.வி. என்பார்கள். பல நிறுவனங்களின் ஷேட் கார்டில் நிறத்தின் பெயரோடு அதுவும் இருக்கும். தூய வெள்ளைக்கு ஏறக்குறைய 85, இளம் கிரீமுக்கு 80, வெளிர் சாம்பலுக்கு 60 என்று வைத்துக்கொள்ளலாம். குறுகிய நடைவழியில் ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய் மறுபடி திரும்புவதால், இந்த வித்தியாசம் ஒவ்வொரு முறையும் பெருகும். மூன்று முறை பட்டுத் திரும்பியபின் வெள்ளையில் 61 பங்கு ஒளி மிஞ்சும், கிரீமில் 51, சாம்பலில் வெறும் 22. பெரிய அறையில் அழகாக இருக்கும் வெளிர் சாம்பல் இங்கே சோர்ந்துபோவது இதனால்தான். அதிலும் நீலச் சாயல் கொண்ட சாம்பல், மஞ்சள் ஒளி விளக்கின் கீழ் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். சாம்பலை இந்தப் போட்டியிலிருந்து விலக்கிவிடலாம்.

வெளிர் மஞ்சளுக்கு வேறு சிக்கல். மஞ்சள் சுவர் நீல ஒளியை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. எதிர்ச்சுவரும் அதையே செய்வதால், கார்டில் மென்மையாக இருந்த நிறம் சுவரில் அடர்மஞ்சளாகிவிடும்; அங்கே நிற்பவரின் முகத்திலும் அந்தச் சாயல் படியும். மஞ்சள்தான் வேண்டும் என்றால், பிடித்த நிறத்தைவிட இரண்டு படி வெளிறியதை எடுங்கள்.

மிஞ்சுவது வெள்ளையும் கிரீமும். எண்ணில் வெள்ளைதான் முன்னால். கூரை நெடுகிலும் இடைவெளி இல்லாமல் எல்.இ.டி. பட்டை ஓடி, அதன் ஒளியின் நிறம் 4000 கெல்வின், அதாவது மஞ்சள் அதிகம் கலக்காத வெள்ளை, அளவில் இருந்தால் வெள்ளையே வெல்லும். ஆனால் பெரும்பாலான நடைவழிகளில் ஒன்றோ இரண்டோ விளக்குதான் இருக்கும். அங்கே 78 முதல் 82 வரை எண் கொண்ட, மஞ்சளைவிடச் சற்றே பழுப்பு பக்கம் சாய்ந்த கிரீம் நல்லது. ஒளி குறையும் மூலைகளும் அதில் இதமான நிறமாகவே தெரியும், சாம்பலாகாது. விளக்கு 3000 கெல்வினில் இருக்கட்டும். 2700க்கு இறங்கினால் கிரீமும் மஞ்சளாகத் தொடங்கும்.

6 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், பக்கவாட்டில் நான்கு கதவுகள் என்று ஒரு நடைவழியை எடுத்துக்கொள்வோம். கதவுகளைக் கழித்தால் இரு பக்கச் சுவர்களும் சுமார் 25 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று கொண்டால் இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர் கிரீம் வேண்டும். கூரைக்கு மட்டும் தூய வெள்ளை, மேட் வகையில். கதவுகளையும் நிலைகளையும் சுவரின் அதே கிரீமில் பூசுவது நடைவழியை அகலமாகக் காட்டும் முக்கியமான வேலை. கருமரக் கதவுகள் சுவரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கடைசிச் சுவரை மட்டும் அதே குடும்பத்து நிறத்தில் சற்று அடர்த்தியாக, எண் 50 அளவில் பூசலாம். அடர்நிறம் கண்ணுக்கு அருகில் வருவதுபோல் தெரிவதால் சுரங்கம் போன்ற நீளம் குறையும். சுவர்கள், கூரை, தரை எல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்பில் அந்தச் சுவர் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஒளி இழப்பு பெரிதாகத் தெரியாது. நடைவழி 3 மீட்டர்தான் என்றால் இது வேண்டாம், அதையும் கிரீமிலேயே விடுங்கள்.

சுவருக்குப் பளபளப்பான பெயின்ட் கூடுதல் வெளிச்சம் தரும் என்று நினைத்து வாங்காதீர்கள். குறுகிய இடத்தில் சுவரைச் சாய்வாகத்தான் பார்க்கிறோம். பட்டி பூசியதன் மேடுபள்ளம் முழுதும் அந்தப் பளபளப்பில் எழுந்து நிற்கும். துடைத்தால் தாங்கும் குறைந்த பளபளப்பு வகை போதும்.

வாங்குமுன் இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு கோட் பூசிக் காயவைத்து, விளக்குகளுக்கு நடுவே ஒளி மங்கும் இடத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டுங்கள். பிறகு இரண்டையும் கழற்றி 'V' வடிவில் சேர்த்துப் பிடித்து, உள்மூலையைக் கவனியுங்கள். அங்கே நிறம் எவ்வளவு ஏறுகிறதோ, பூசி முடித்த நடைவழியும் அந்தப் பக்கமே போகும்.