தொங்கும் பைப்புக்கு நெருக்கமான கிளாம்பா, அடியில் ட்ரேயா?

சென்னையில் தூண் மேல் நிற்கிற அடுக்குமாடி எதுவாக இருந்தாலும், கார் நிறுத்தும் இடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால் முதல் மாடிக் கழிவறைகளின் பைப்கள் தெரியும். சாம்பல் நிற 110 மில்லிமீட்டர் பைப் ஒன்று கூரைக்கு அடியில் தொங்கியபடி சேம்பரை நோக்கிப் போகும். அப்படிப்பட்ட பைப்கள் பலவும் நடுவில் தொப்பை போட்டிருக்கும். அடைப்பு வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் குத்தித் தள்ளுவார்கள். ஆறு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் அடைக்கும். அந்த இடம் இரண்டு கிளாம்புக்கு நடுவே இருப்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் இரண்டு. ஒன்று, கிளாம்பை நெருக்கமாகப் போடுவது. இன்னொன்று, பைப்புக்கு அடியில் முழு நீளத்துக்கும் ஒரு ஜி.ஐ. ட்ரே அல்லது சேனல் கொடுத்து அதன் மேல் படுக்க வைப்பது. ட்ரே என்றதும் பலருக்கு அதுதான் உயர்ந்த வேலை என்று தோன்றுகிறது. என் கணிப்பில் கழிவறைப் பைப்புக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. வேறு சில பைப்களுக்கோ அதைவிட நல்ல வழி இல்லை. எதற்கு எது என்பது பைப் ஏன் தொய்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் 110 பைப்பை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 12.5 மில்லிமீட்டர் வாட்டம், அதாவது 80-க்கு 1 என்ற சரிவு. இரண்டு கிளாம்புக்கு நடுவே பைப் தொய்ந்தால், முதல் பாதியில் வாட்டம் கூடும், அடுத்த பாதியில் குறையும். தொய்வு ஒரு அளவைத் தாண்டினால் அந்த இரண்டாம் பாதியில் வாட்டம் திரும்பி, தண்ணீர் மேடேற வேண்டியதாகிவிடும். அந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்வது எளிது: இரண்டு கிளாம்புக்கு இடையே மொத்தம் எவ்வளவு இறக்கம் இருக்கிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் தொய்வு அடங்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் உள்ளே எப்போதும் தண்ணீர் தேங்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் கசடு தங்கும்.

இன்னொரு விஷயம், இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தொய்வு இரண்டு மடங்காக அல்ல, பதினாறு மடங்காகக் கூடும். கூடவே பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. இன்று வைத்த பாரத்துக்கு இன்று கொஞ்சம் வளையும், அதே பாரம் வருடக்கணக்கில் இருந்தால் மெதுவாக இன்னும் வளைந்துகொண்டே போகும். அதனால் கடையில் வாங்கிய புதுப் பைப்பின் விறைப்பை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள 110 பைப், அடைத்துக்கொண்டு முழுக்க நீர் நிரம்பி நிற்கும் நிலையில், தன் எடையும் சேர்த்து மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. அந்தக் கணக்கில் வருவது இது (இடைவெளி மீட்டரில், மற்றவை மில்லிமீட்டரில்):

| கிளாம்ப் இடைவெளி | இடையில் உள்ள இறக்கம் | தாங்கும் தொய்வு | பேஸ்ட் போட்டு ஒட்டிய தொடர் பைப் | ரிங் ஜாயிண்டால் பிரிந்த பைப் |
|---|---|---|---|---|
| 1.1 | 14 | 4.5 | 1-க்குள் | சுமார் 1 |
| 2 | 25 | 8 | சுமார் 3 | சுமார் 13 |
| 3 | 37 | 12 | சுமார் 13 | சுமார் 67 |

அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளின் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பேஸ்ட் போட்டு ஒட்டிய பைப் பல கிளாம்புகளின் மேல் ஒரே துண்டாகக் கிடக்கும், பக்கத்துப் பகுதியின் எடை இந்தப் பகுதியைத் தூக்கிப் பிடிக்கும். ரப்பர் ரிங் போட்ட ஜாயிண்ட் அப்படியல்ல, அது கீல் மாதிரி மடங்கிக் கொடுக்கும். ஆக 2 மீட்டர் இடைவெளி ஒரு வீட்டில் வருடக்கணக்கில் நன்றாக ஓடும், அடுத்த வீட்டில் அதே இடைவெளி அடைப்பில் முடியும். இரண்டு பிளம்பர்களும் தத்தம் அனுபவத்தைச் சத்தியம் செய்து சொல்வார்கள், இரண்டு பேருமே சரி.

விட்டத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது 110-க்கு 1.1 மீட்டர், 75-க்கு 75 சென்டிமீட்டர் என்று பிளம்பர்கள் சொல்லும் கணக்கு இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்குகிறது. நம் ஊரில் நடப்பது வேறு. பத்தடிப் பைப்புக்கு ஜாயிண்ட் பக்கத்தில் ஒன்று என்று கிளாம்ப் போட்டால் இடைவெளி 3 மீட்டர். 'நடுவில் ஒண்ணு போட்டாச்சு சார்' என்றால் ஒன்றரை மீட்டர். ரிங் ஜாயிண்டிலும் அது ஒருவழியாகத் தேறும், ஆனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒட்டினாற்போல் ஒரு கிளாம்ப் இருந்தால் மட்டும்.

ஒரு 9 மீட்டர் ஓட்டத்தை எடுத்துப் பார்ப்போம். முதல் மாடியில் இரண்டு கழிவறை, மூன்று பத்தடிப் பைப், ரிங் ஜாயிண்ட், மொத்த இறக்கம் 112 மில்லிமீட்டர். இருப்பது சாக்கெட்டுக்கு ஒன்றாக நாலு கிளாம்ப். பைப்பின் அடிவயிற்றில் இரண்டு கிளாம்புக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று தெரியும். அது 12-ஐத் தாண்டினால் உள்ளே தேங்கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நூல் கையில் இல்லையென்றால் ஐந்து ரூபாய் நாணயத்தால் பைப்பின் அடியில் தட்டிக்கொண்டே போங்கள். காலிப் பகுதியில் ஒலி எழும்பும், தண்ணீர் நிற்கும் பகுதியில் சத்தம் மந்தமாகிவிடும். தேங்கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம்.

சரி, இதற்கு நெருக்கமான கிளாம்ப் என்றால் மூன்று துண்டுக்கும் நடுவில் இரண்டிரண்டு, மொத்தம் ஆறு புதியவை. இடைவெளி ஒரு மீட்டராகும். ஒவ்வொன்றும் த்ரெட் ராடில் தொங்கும், நட்டைத் திருகினால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். வாட்டத்தை டியூப் லெவல் வைத்துக் கிளாம்ப் கிளாம்பாகச் சரி செய்யலாம், பின்னால் ஏதாவது ஒரு இடம் இறங்கினால் அந்த இடத்தை மட்டும் தூக்கலாம்.

ட்ரே என்றால் 9 மீட்டர் ட்ரே, அதைத் தூக்க 2 மீட்டருக்கு ஒரு ஹேங்கர் என்று ஐந்தாறு. கூரையில் துளைகள் குறைந்தபாடில்லை. அதைவிட ஒரு தொல்லை ட்ரேயின் தட்டையான அடியில் இருக்கிறது. பைப்பின் சாக்கெட் பைப்பைவிடத் தடிமன். ட்ரேயில் படுக்க வைத்ததும் சாக்கெட்டுகள்தான் உட்காரும், நடுவில் பைப்புக்கும் ட்ரேக்கும் இடையே இடைவெளி விழும். முழு நீளத்துக்கும் தாங்கல் என்று காசு கொடுத்தாலும், பைப் அந்த இடைவெளி அளவுக்குத் தொய்ந்த பிறகுதான் ட்ரே அதைத் தாங்கத் தொடங்கும். இடையிடையே சரியான உயரத்துக்குப் பேக்கிங் வைக்க வேண்டும், அல்லது சாக்கெட் வரும் இடத்தில் ட்ரேயை வெட்டிவிட வேண்டும். பேக்கிங்கே வைப்பதென்றால் கிளாம்பே போதுமே! தவிர, கசிந்தால் சொட்டு ட்ரேயிலேயே ஓடி, கசியாத இடத்தில் விழும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஜி.ஐ. ட்ரேயின் வெட்டு முனைகள் முதலில் துருப்பிடிக்கும்.

இந்த 110 பைப்புக்கும் ட்ரே நியாயமாகும் ஒரு இடம் உண்டு. கூரையில் துளை போட அனுமதி இல்லை, அல்லது பைப் பீம்களுக்கு அடியில்தான் போக வேண்டும், பீம்களோ 4 மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்றால், நடுவில் எதிலிருந்து தொங்கவிடுவது? அப்போது பீமிலிருந்து பீமுக்கு ஒரு ஆங்கிளோ சேனலோ பாலமாகப் போட்டு, அதிலிருந்து மீட்டருக்கு ஒரு கிளாம்ப் தொங்கவிடலாம். இதில் வாட்டம் மறுபடி உங்கள் கையில் வந்துவிடுகிறது.

மொட்டை மாடியில் கதை தலைகீழ். சோலார் ஹீட்டரிலிருந்து கைப்பிடிச் சுவரோரமாக வரும் முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. பைப் பாம்பு மாதிரி நெளிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடையால் தொய்ந்தது என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால், சூடாக இருக்கும்போதுகூட 3 அடிக்கு ஒரு கிளாம்ப் இருந்தால் எடையால் வரும் தொய்வு இரண்டு மில்லிமீட்டருக்குள்தான். அந்த நெளிவுக்குக் காரணம் நீட்சி. 10 மீட்டர் சி.பி.வி.சி. பைப் 40 டிகிரி சூடேறினால் சுமார் 26 மில்லிமீட்டர் நீளும், பி.பி.ஆர். என்ற பிளாஸ்டிக் பைப் என்றால் 60. கத்திரி வெயிலில் வெந்நீரும் சேர்ந்தால் இந்த 40 டிகிரி சாதாரணம். இரண்டு பக்கமும் கிளாம்பை இறுக்கி முடுக்கியிருந்தால் அந்தக் கூடுதல் நீளம் பக்கவாட்டிலோ கீழேயோதான் போக வேண்டும். 1.8 மீட்டர் துண்டில் வெறும் 5 மில்லிமீட்டர் நீண்டால் போதும், நடுவில் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் வளைவு கிளம்பும். கிளாம்பை 90 சென்டிமீட்டருக்கு நெருக்கினால் வளைவு பாதியாகும், ஆனால் போகாது. ஓவர்ஹெட் டேங்கின் குறைந்த அழுத்தத்தில் ஓடும் லைனில் இந்த மேடுகளில் காற்று மாட்டிக்கொள்ளும், கீழ் வீட்டு ஷவர் துப்பித் துப்பி வரும்.

ஆக இங்கே எண்ணிக்கையைவிட, கிளாம்ப் பைப்பை வழுக்க விடுகிறதா என்பதே முக்கியம். நேர் ஓட்டத்தின் நடுவில் ஒரே ஒரு கிளாம்பை இறுக்கி, மற்றவற்றைப் பைப் நகரும்படி தளர்வாக விட்டு, இரு முனையிலும் ஒரு எல்போ திருப்பமோ லூப்போ கொடுத்தால் நீட்சி அங்கே போய்ச் சேரும். சி.பி.வி.சி.க்கு இதுவே போதும், ட்ரே தேவையில்லை.

பி.பி.ஆர்., பெக்ஸ் பைப்களுக்குத்தான் ட்ரே உண்மையில் பலன் தருகிறது. இரண்டும் சி.பி.வி.சி.யைவிட மிருதுவானவை, நீட்சியும் இரண்டு மடங்குக்கு மேல். வெந்நீர் லைனில் கிளாம்பை இரண்டரை அடிக்கு ஒன்று என்று போட்டாலும் நெளிவு கண்ணில் படும். பைப்பின் வயிற்றைத் தழுவும் அரைவட்டச் சேனலில் படுக்க வைத்து, அடிக்கொரு கட்டு கட்டினால் பைப் நெளிய இடமே இல்லை, சேனலைத் தூக்க 2 மீட்டருக்கு ஒரு ஹேங்கர் போதும். பைப்பின் தள்ளுவிசையை சேனல் வாங்கிக்கொள்கிறது, அதனால் முனைகளில் கெட்டியான கிளாம்ப் அவசியம். கட்டுக்கு மெல்லிய கம்பி வேண்டாம், சூட்டில் பைப்பை அறுக்கும். அகலமான பட்டையைப் போட்டு, சேனல் விளிம்பில் பழைய டயர் டியூபை நறுக்கி வைத்தால் போதும்.

ட்ரேக்கு என் முதல் சிபாரிசு யாரும் கவலைப்படாத பைப் ஒன்றுக்கு: ஏ.சி. தண்ணீர் போகும் மெல்லிய 20 அல்லது 25 மில்லிமீட்டர் பைப். அதில் ஓடுவது சொட்டுச் சொட்டாக, தள்ளிவிட விசை இல்லை. நீண்ட வராண்டாவில் 8 மீட்டர் போக வேண்டும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் மொத்தம் 5 சென்டிமீட்டர் இறக்கம்தான் கிடைக்கிறது என்றால், மீட்டருக்கு 6 மில்லிமீட்டர்தான் வாட்டம். இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் போட்டால் அவற்றுக்கிடையே இறக்கம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே, தாங்கும் தொய்வு வெறும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு கிளாம்பை ஆணியடிக்கும்போது கை 2 மில்லிமீட்டர் பிசகினாலே வாட்டம் பாதி போய்விடும், 4 பிசகினால் திரும்பியே விடும். அங்கே ஒரு நேரான அலுமினியச் சேனலை ரசமட்டம் வைத்துச் சாய்த்துப் பொருத்தி, பைப்பை அதில் கிடத்திவிட வேண்டியதுதான். இவ்வளவு சிறிய பைப்பில் கப்ளிங் தடிமன் சொற்பம், கப்ளிங் இல்லாத இடங்களில் மெல்லிய ரப்பர் பட்டை வைத்தால் சமமாகிவிடும்.

ஏற்கனவே தொய்ந்த 110 பைப்புக்குக் கிளாம்ப் போடப்போகிறவர்களுக்கு ஒன்று. வருடக்கணக்கில் வளைந்த பைப் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுக் கிளாம்பை ஒரே மூச்சில் திருகி ஏற்றினால் சாக்கெட் பக்கம் இழுபட்டு ரிங் விலகும். நட்டைக் கொஞ்சம் திருகி, சில நாள் விட்டு, மறுபடி திருக வேண்டும். அப்படியும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு மிச்சம் இருந்தால், அந்தப் பத்தடித் துண்டை மாற்றிவிடுவதே மலிவு.