நாலாயிரமா, இரண்டு லட்சமா?

மும்பை மாதுங்காவில் பருப்புப்பொடி விற்கும் என் அண்ணி, விளம்பரத்துக்கு இரண்டு இன்ஸ்டாகிராம் கணக்குகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்றைப் பின்தொடர்பவர்கள் 4,000 பேர்; மற்றதை 2 லட்சம் பேர்.

ஒரு பதிவுக்கு வந்த விருப்பம், கருத்து, சேமிப்பு, பகிர்வு எல்லாவற்றையும் கூட்டி, பின்தொடர்பவர் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈடுபாட்டு விகிதம். சின்னக் கணக்கில் 240, அதாவது 6 சதவீதம். பெரியதில் 3,000, அதாவது 1.5 சதவீதம்.

பெரியது சோர்ந்துவிட்டது என்று அண்ணி நினைத்தார். அப்படியில்லை. கணக்கு வளர வளர விகிதம் இறங்குவது இயல்பு. பின்தொடரும் எல்லோருக்கும் பதிவு காட்டப்படுவதில்லை. தோராயமாக, பத்தாயிரத்துக்குக் கீழே 3 முதல் 6, லட்சத்தைத் தாண்டினால் 1 முதல் 2 சதவீதம் இருந்தாலே ஆரோக்கியம்தான்.

பதிவைப் பார்த்தவர் எண்ணிக்கையால் வகுப்பதே நியாயமான அளவு. அது கணக்கின் உரிமையாளருக்கு மட்டுமே தெரியும் என்பதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னோம். சின்னதை 1,600 பேர் பார்த்திருந்தார்கள்: 15 சதவீதம். பெரியதை 25,000 பேர்: 12 சதவீதம். இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது!

பிறகு கருத்துகளைப் படித்தோம். பெரியதில் வரிசையாக இதயக் குறிகள். சின்னதில் ஒருவர், "செம்பூருக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டிருந்தார். அண்ணி சின்னதையே தேர்ந்தெடுத்தார். நானும் அதையே சொல்லியிருப்பேன்.