நாலு வருஷமா போட்டோவுல வர்ற கிராஃபைப் படிச்ச அனுபவம்

மண்டபம் பக்கம் வீட்ல வச்சு பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நாலு வருஷமா முக்கால்வாசி சந்தேகம் வாட்ஸ்அப் போட்டோவாத்தான் வருது, பாம்பன் தங்கச்சிமடம்னு தள்ளி இருக்கிற பிள்ளைங்க ராத்திரி பத்து மணிக்கு புத்தகத்தை மடியில வச்சு ஒரு போட்டோ எடுத்து "அக்கா இதுக்கு லிமிட் என்ன"ன்னு அனுப்பிடுவாங்க. அதுல ஓப்பன் சர்க்கிள், க்ளோஸ்டு சர்க்கிள், அதாவது அந்தப் புள்ளி கிராஃப்ல சேராதுன்னு காட்டுற காலி வட்டமும், சேரும்னு காட்டுற நிரம்பின வட்டமும் போட்ட கிராஃப் வந்தா போட்டோவை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்க நம்பக்கூடாதுங்கிறத மட்டும் இங்க எழுதுறேன்.

போன ஆடி மாசம் வந்த ஒண்ணை வச்சே சொல்றேன். (-2, 0)ல நிரம்பின புள்ளியில ஆரம்பிச்சு ஒரு கோடு நேரா ஏறி (1, 3)ல போய் நிக்குது. அதே x = 1ல கீழ (1, 1)ல இருந்து இன்னொரு கோடு கிளம்பி இறங்கி (3, -1)க்கு வருது, அங்கேருந்து கொஞ்சம் சாய்வா ஏறி (5, 0) வரைக்கும் போகுது. தனியா மேல (3, 2)ல ஒரு புள்ளி. புத்தகத்துல (1, 3)யும் (3, -1)ம் காலி வட்டம், ஆனா எனக்கு வந்த போட்டோவுல எல்லாமே கருப்பா அடைஞ்சு போய் இருந்துச்சு.

ஏன் அடையுதுன்னா, அந்த வட்டம் அச்சுல சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு ஏ4 பக்கத்தை முழுசா எடுத்து, நீள பக்கம் 1600 பிக்சலா சுருங்கி வருதுன்னு வச்சுக்கங்க, ஒரு மில்லிமீட்டருக்கு அஞ்சு பிக்சல் சொச்சம், அப்ப மொத்த வட்டமே எட்டு பிக்சல், உள்ள இருக்கிற வெள்ளை நாலு பிக்சல் தேறினா பெருசு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு கட்டமா பிரிச்சுத்தான் சுருக்கும், அதாவது ஒரு வட்டமே ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிப் போகுது. இதுல கை லேசா ஆடினாலோ, கச்சான் காத்துல லென்ஸ்ல உப்பு படிஞ்சிருந்தாலோ (எங்க ஊர்ல வெளியே கொண்டு போற போன்ல படியாம இருக்காது, பனியன் துணியால துடைச்சாலே வித்தியாசம் தெரியும்) அந்த நாலு பிக்சலும் சாம்பல் ஆயிடும். ஸ்கேன் பண்ற ஆப்ல கருப்பு வெள்ளையா மாத்தினா இன்னும் மோசம், சாம்பலை எல்லாம் கருப்புன்னு முடிவு பண்ணிடுது.

இப்ப முக்கியமானது. அந்த போட்டோவுல வட்டம் எல்லாம் அடைஞ்சிருந்தாலும் லிமிட் ஒண்ணு கூட கெடல. x = 1க்கு இடது பக்கத்துல இருந்து கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தா உயரம் 3ஐ நெருங்குது, வலது பக்கத்துல இருந்து வந்தா 1ஐ நெருங்குது, ரெண்டும் வேற வேற, அதனால அங்க லிமிட் கிடையாது. x = 3ல ரெண்டு பக்கத்துல இருந்து வந்தாலும் -1, அப்ப லிமிட் -1. வட்டம் காலியா நிரம்பினதாங்கிற கேள்வியே இதுல வரல, ஏன்னா லிமிட்டுக்கு அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல என்ன நடக்குதுங்கிறதுதான் கணக்கு, அந்தப் புள்ளியில என்ன இருக்குங்கிறது இல்ல. வட்டம் கெட்டா கெடுறது `f(1)`, `f(3)` மதிப்பும், அதை வச்சு சொல்ற தொடர்ச்சியும்தான். பிள்ளைங்க "வட்டம் தெரியல அக்கா"ன்னு மொத்த கேள்வியையும் விட்டுட்டு வரும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், கேட்டிருக்கிறதுல பாதிக்கு வட்டமே வேண்டாம்.

மதிப்பையும் சில இடத்துல மீட்டு எடுக்கலாம். ஒரு xக்கு நேரா ஒரே ஒரு நிரம்பின புள்ளிதான் இருக்க முடியும், இல்லன்னா அது ஃபங்ஷனே இல்ல. x = 3ல ரெண்டு கருப்பு தெரியுது, ஒண்ணு பொய். (3, 2)ல இருக்கிறது எந்தக் கோட்டோடயும் ஒட்டாம தனியா நிக்குது, தனியா நிக்கிற வட்டம் காலியா இருந்தா அதுக்கு அர்த்தமே இல்ல, அதை வரையவே மாட்டாங்க. அப்ப அதுதான் நிஜம், `f(3) = 2`, கீழ (3, -1)ல இருக்கிறது அடைஞ்சு போன காலி வட்டம். ஆனா x = 1ல இந்த வழி ஓடாது, ரெண்டுமே கோட்டு முனையில இருக்கு, எது வேணா நிரம்பினதா இருக்கலாம். அங்க (3, 2) புள்ளியை அளவுகோலா வச்சு பெருசு பண்ணிப் பாப்பேன், அதை விட நடுவுல கொஞ்சம் வெளுத்திருக்கிறது எதுவோ அது காலி. அதுவும் பிடிபடலன்னா ஊகிக்க மாட்டேன், அந்த ஒரு வட்டத்தை மட்டும் கிட்ட வச்சு எடுத்து டாக்குமெண்டா அனுப்பச் சொல்லிடுவேன்.

இதுக்கு எதிர்த்த தப்பு இன்னும் ஆபத்து. ஃபிளாஷ் வெளிச்சம் வழவழ தாள்ல பட்டு நிரம்பின புள்ளி நடுவுல வெள்ளையா மின்னும். ஒரே xல ரெண்டு காலி வட்டம் இருந்தா விதி எதுவும் உடையல, அங்க ஃபங்ஷன் வரையறுக்கப்படலன்னு அர்த்தம் வந்துடும், அதனால தப்புன்னே தெரியாது. ஃபிளாஷ் போட்ட படத்துல மதிப்பு இல்லன்னு வந்தா மட்டும் நான் உடனே ஒத்துக்கிறதில்ல.

அடுத்து சாய்வோட குறி. இங்க 1க்கு முன்னாடி ப்ளஸ், 1க்கும் 3க்கும் நடுவுல மைனஸ், 3க்கு அப்புறம் திரும்ப ப்ளஸ். x = 3ல என்ன குறின்னு கேட்டா டெரிவேட்டிவே இல்லன்னுதான் சொல்லணும், அங்க தொடர்ச்சி இல்ல. சரி அந்தப் புள்ளியை கீழ -1லயே வச்சா வந்துடுமான்னு ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி, வராது, இடது பக்கம் சாய்வு -1, வலது பக்கம் 1/2, முனை மடங்கி நிக்குது.

குறியில நான் ஏமாந்தது போட்டோவோட விளிம்பை வச்சுப் பாத்ததாலதான். கிட்டத்தட்ட படுத்த கோடு, நூறு கட்டம் போனா அஞ்சு கட்டம் ஏறுதுன்னா அது மூணு டிகிரி கூட இல்ல, படம் வலச்சுழியா அஞ்சு டிகிரி சாய்ஞ்சு வந்தா ஏறுற கோடு இறங்குற கோடா தெரியும். அதனால இப்ப கிராஃப்ல இருக்கிற கட்டக் கோட்டை மட்டும்தான் பாக்குறேன், வலது பக்கம் போகப் போக மேல் கட்டக் கோட்டை நெருங்குதா விலகுதான்னு. படத்தை எப்படி சாய்ச்சாலும் கட்டமும் கூடவே சாயும்.

படம் திரும்பி வந்தா இன்னொரு விஷயம். தலைகீழா 180 டிகிரி இருந்தா சாய்வோட குறி மாறாது, ஆனா இடது வலது லிமிட் இடம் மாறிடும். பக்கவாட்டுல 90 டிகிரி இருந்தா குறியே மாறிடும். ஒரு பொண்ணு பின் கேமரா உடைஞ்சு போச்சுன்னு செல்ஃபி கேமராவுல எடுத்து அனுப்பிச்சு, அது கண்ணாடி மாதிரி திருப்பி சேவ் ஆயிருந்துச்சு, அதுல குறியும் மாறும் இடது வலதும் மாறும், லிமிட் இருக்கா இல்லையாங்கிறது மட்டும் மாறாது. அச்சுல இருக்கிற எண்ணு 1, 0, 8ன்னா திரும்பினது சட்டுன்னு தெரியாது, 2, 3, இல்லன்னா மைனஸ் எந்தப் பக்கம் நிக்குதுன்னு தேடிப் பாருங்க. இப்பல்லாம் நான் போட்டோ வந்த உடனே முதல்ல பாக்குறது அந்த மைனஸைத்தான், அப்புறம்தான் வட்டத்துக்கு வர்றேன்.