காலிங் பெல்லும் நாயும்: கிளாசிக்கல் வழியா, ஆபரண்ட் வழியா?

காலிங் பெல் சத்தம் கேட்டதும் கதவுக்கு ஓடிப்போய்க் குரைத்துத் தீர்க்கிற நாய்க்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். முதலாவது, பெல் அடித்தவுடன் நாய் என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி, அதன் வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. இரண்டாவது, பெல் அடித்ததும் தன் பாயில் போய்ப் படுக்கப் பழக்குவது, படுத்தால் மட்டும் கறி. முதலாவது கிளாசிக்கல் கண்டிஷனிங், இரண்டாவது ஆபரண்ட் கண்டிஷனிங். இரண்டிலும் கையில் இருப்பது அதே கறித்துண்டு. அதை எதை ஒட்டிக் கொடுக்கிறோம், எந்த நொடியில் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். பயிற்சி பலிக்கவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர் ஒரு வழியின் விதியை இன்னொன்றில் போட்டுக் குழப்பியிருப்பார்கள்.

கிளாசிக்கல் வழிக்கு அடித்தளம் போட்ட ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அந்த வேலைக்குத்தான். சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்று காட்டும் அடையாளங்களுக்கே நாய்களுக்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். எச்சில் ஊறுவது நாய் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஒரு சத்தத்தைத் தொடர்ந்து ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வந்தால், அந்தச் சத்தத்துக்கே உடம்பு தயாராகிவிடுகிறது. பயமும் பதற்றமும் பரவசமும் இதே வழியில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

ஆபரண்ட் வழியின் வேர் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக்கிடம் இருக்கிறது. 1898-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், கூண்டுக்குள் அடைக்கப்பட்ட பூனைகள் தாழ்ப்பாளைத் திறக்கத் தற்செயலாகக் கற்றுக்கொண்டன. வெளியே வந்தால் உணவு கிடைத்ததால் அடுத்தடுத்த முறை இன்னும் சீக்கிரம் திறந்தன. பிறகு இன்னொரு அமெரிக்க உளவியலாளரான ஸ்கின்னர் இதை விரிவாக வளர்த்தெடுத்தார். இங்கே விலங்கு ஒரு செயலைச் செய்கிறது, அதன் விளைவைப் பொறுத்து அந்தச் செயல் கூடுகிறது அல்லது குறைகிறது.

சரி, நம் நாய்க்கு எது?

குரைப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெல் அடித்ததும் உடம்பின் எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளி, வாலைத் தாழ்த்தி, முன்னே பாய்வதும் பின்வாங்குவதுமாகக் குரைக்கிற நாய் பெரும்பாலும் பயந்திருக்கிறது. உடம்பைத் தளர்த்தி வாலை வீசிக்கொண்டு, வருகிறவரைப் பார்க்கும் ஆவலில் குரைக்கிற நாய் வேறு ரகம். சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. பெல் அடித்தவுடன் மூக்குக்கு நேரே அதற்கு மிகவும் பிடித்த கறியை நீட்டுங்கள். வேறு நேரத்தில் தாவிப் பிடுங்குகிற நாய் இப்போது அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால், அல்லது விரலைக் கடிக்கிற மாதிரி வெடுக்கென்று பிடுங்கினால், அது புதிதாக ஒரு செயலைக் கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை. அந்த நாயைப் பாயில் படு என்று சொல்வதில் பயன் கிடையாது. முதலில் பெல்லின் அர்த்தத்தை மாற்ற வேண்டும்.

அதற்குத்தான் கிளாசிக்கல் வழி. காலிங் பெல் சத்தத்தை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நாய் காதை மட்டும் அசைத்துவிட்டு அப்படியே இருக்கிற அளவுக்கு ஒலியைக் குறைத்துத் தொடங்க வேண்டும். பெல் ஒலிக்கிறது, ஒரு நொடி கழித்துக் கறி வருகிறது. பிறகு எதுவும் இல்லை. அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ, ஒரே இடைவெளியாக இல்லாமல் மாற்றி மாற்றி விட்டு, மீண்டும் பெல், மீண்டும் கறி. ஐந்தாறு முறை போதும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இடைவெளிகளில் கறி கொடுக்கக் கூடாது. பெல் இல்லாமலும் கறி வருமென்றால் பெல் எதையும் அறிவிக்காது.

இங்கே நேரம் என்பது முதலில் வரிசையைப் பற்றியது. பெல் முன்னால், கறி பின்னால். நடைமுறையில் பெரும்பாலும் இதுதான் தலைகீழாகிறது. பெல்லை ஒலிக்கவிடப் போகிறோம் என்று தெரிந்ததும் நம் கை தானாகக் கறிப் பைக்குள் போய்விடும். பை சரசரக்கும், நாய் திரும்பிப் பார்க்கும், அப்புறம்தான் பெல் அடிக்கும். நாயின் கணக்கில் கறியை அறிவித்தது பையின் சரசரப்பு, பெல் வெறும் பின்னணிச் சத்தம். கறி முதலில் வந்து பெல் பின்னால் வந்தால் இன்னும் மோசம், கறியே பயத்தின் முன்னறிவிப்பாகிவிடலாம். அதனால் கறியை முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் வைத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். பெல் ஒலிக்கும் வரை கை தொங்கியபடியே இருக்கட்டும்.

பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? பெல் ஒலித்ததும், நீங்கள் அசைவதற்கு முன்பே, நாயின் தலை கதவை விட்டு உங்கள் பக்கம் திரும்பும். வாய் லேசாகத் திறந்திருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும். இந்தத் திரும்பலைப் பார்க்காமல் ஒலியைக் கூட்டக் கூடாது. கூட்டும்போது குரைப்பு திரும்ப வந்தால் ஒரு படி இறங்கிவிடுவது நல்லது.

“குரைத்தாலும் கறி கொடுத்தால் குரைப்புக்கே பரிசு கொடுத்த மாதிரி ஆகாதா?” என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயத்தில் வருகிற குரைப்புக்கு அடியில் பயம் இருக்கிறது. பயம் குறைந்தால் குரைக்கக் காரணமே குறைந்துவிடும். அதனால் பயந்த நாய் குரைத்தாலும் நான் தயங்காமல் கறி கொடுப்பேன். ஆனால் பயமே இல்லாமல் ஆவலில் குரைக்கிற நாய்க்கு இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. இரண்டு வகைக் கற்றலும் எப்போதும் சேர்ந்தே நடக்கின்றன. நாம் ஒன்றைத்தான் செய்கிறோம் என்பதற்காக மற்றது ஓய்வெடுக்காது.

நாயை அதட்டுவதில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். குரைத்ததும் உரக்கக் கத்தினால் அந்த நேரத்துக்குக் குரைப்பு நிற்கலாம், அது ஆபரண்ட் கணக்கு. கூடவே, பெல் அடித்தால் வீட்டில் எல்லாரும் கோபப்படுகிறார்கள், பிறகு ஒரு புது ஆள் உள்ளே வருகிறார் என்ற தொடர்பும் பதிகிறது. அடுத்த முறை பெல்லுக்கு முன்னைவிட அதிகப் பதற்றம். பயந்த நாயிடம் கத்துவதை நான் முழுக்கவே எதிர்ப்பது இதனால்தான்.

ஆபரண்ட் வழி வேறு மாதிரி. இதில் பெல் உடனே வராது. முதலில் பெல் இல்லாமலே பாய்க்குப் போகக் கற்றுக்கொடுக்க வேண்டும். நாய் பாயின் பக்கம் ஓர் அடி வைத்தால் பரிசு, பிறகு நான்கு காலும் பாயில் இருந்தால், பிறகு படுத்தால் என்று கொஞ்சம் கொஞ்சமாக. இங்கே நேரம் என்பது துல்லியத்தைப் பற்றியது. நாய் படுத்தது, நீங்கள் மகிழ்ந்து கிண்ணத்தைத் தேடி, கறியை எடுத்து வருவதற்குள் மூன்று நொடி. அதற்குள் நாய் எழுந்து உங்களிடம் வந்துவிட்டது. கறி எழுந்து வந்ததற்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி நாலு தடவை நடந்தால், படுத்ததும் எழுந்து ஓடிவருகிற நாயை நீங்களே உருவாக்கியிருப்பீர்கள். அது அடம்பிடிக்கவில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்கிறது.

அந்த மூன்று நொடியை நிரப்பத்தான் கிளிக்கர், அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கிற கையடக்கக் கருவி. சரியான நொடியில் ஒரு சிறிய சத்தம், கறி பின்னால் வரலாம். சத்தத்துக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? சத்தம், கறி, சத்தம், கறி என்று முன்பே சேர்த்துப் பழக்கியதால். அதாவது ஆபரண்ட் வழியின் முக்கியக் கருவியே கிளாசிக்கல் வழியில் செய்யப்பட்டது. கிளிக்கர்தான் வேண்டுமா, “சரி” என்ற சொல் போதுமா என்று ஒரு தனிச் சண்டை உண்டு. 2016-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் கிளிக்கர், சொல், நேரடி உணவு ஆகிய மூன்றுக்கும் இடையே நாய்கள் கற்றதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. என் பார்வையில், பக்கத்திலேயே உட்கார்ந்து பழக்கினால் கை போதும். பாய் அறையின் மறுகோடியில் இருந்தால் சொல்லோ கிளிக்கரோ தேவை. சொல் என்றால் எப்போதும் ஒரே குரலில், சுருக்கமாக. கொடுக்கும் கறியையும் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே, பாயின் மேலேயே வையுங்கள். அப்போது நாய்க்கு எழுந்துவர வேலை இல்லை.

பாய் பழகிய பிறகுதான் பெல்லைச் சேர்ப்பது. பெல், உடனே “பாய்”, படுத்ததும் “சரி”, கறி. சில நாட்களில் நீங்கள் சொல்வதற்கு முன்பே பெல்லுக்கு நாய் பாயைப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் ஒரு கோளாறு நுழையும். பெல் அடிக்கும், நாய் கதவுக்கு ஓடி இரண்டு முறை குரைக்கும், பிறகு திரும்பி வந்து அழகாகப் படுத்துக் கறியை எதிர்பார்க்கும். கொடுத்துக்கொண்டே இருந்தால் குரைப்பும் அந்தத் தொடரில் ஒரு படியாகிவிடும். ஓட்டமும் குரைப்பும் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வந்தால் அதுதான் அடையாளம். அப்போது ஒலியைக் குறைத்து, நாய் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும்போதே பெல்லை ஒலிக்கவிடுங்கள், கதவுக்கு ஓட வாய்ப்பே இல்லாதபடி.

ஆக, கறியை ஏற்காத பயந்த நாய்க்கு நான் கிளாசிக்கல் வழியில்தான் தொடங்குவேன். தலை உங்கள் பக்கம் திரும்பத் தொடங்கிய பிறகு பாய். ஆவலில் குரைக்கிற, கறியைக் கண்டால் நிற்கிற நாய்க்கு நேராகப் பாய்க்கே போகலாம், இலவசக் கறியில் நாளைச் செலவிட வேண்டாம். பயந்த நாய் வந்தவரைப் பார்த்துப் பற்களைக் காட்டினாலோ கடிக்க முயன்றாலோ, வீட்டிலேயே முயன்று பார்க்காமல் விலங்கு நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

எந்த வழியானாலும், பயிற்சிக் காலத்தில் உண்மையான பெல் முழுச் சத்தத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பெல்லின் சுவிட்சை அணைத்து, வருகிறவர்கள் போனில் அழைக்கும்படி கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பழைய தொடர்பு அழிவதில்லை, புதியது அதன்மேல் உட்காருகிறது, அவ்வளவுதான். அணைந்துபோன எதிர்வினை ஓர் இடைவெளிக்குப் பிறகு தானாகத் திரும்புவதைப் பாவ்லோவே பதிவு செய்திருக்கிறார். அதனால் வெளியூர் போய்த் திரும்பிய முதல் நாள் பெல்லுக்கு நாய் மறுபடி குரைத்தால், ஒலியைக் குறைத்துப் பதிவு செய்த பெல்லோடு ஐந்தாறு முறை கறி கொடுத்துவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.