கருங்கல் ஜல்லியா, இடித்த கான்கிரீட் ஜல்லியா: சேலத்து வீடு ஒன்றில் எது எங்கே போனது

அம்மாபேட்டையில் எங்கள் பழைய வீட்டைப் போன வருடத்துக்கு முந்தைய வருடம் இடித்தோம். 1988-இல் கட்டியது, 900 சதுர அடி. இடித்து முடித்த அன்று வாசலில் கிடந்த குவியலைப் பார்த்துவிட்டு, இதை அள்ளி எங்காவது குட்டையில் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்லுடைக்கும் குவாரியிலிருந்து ஜல்லி வாங்கிக்கொண்டே, கையில் இருக்கும் கல்லைத் தூக்கி எறிவது சரியாகப் படவில்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் அது ஆகாது என்பதும் தெரியும். கடைசியில் இரண்டையுமே பயன்படுத்தினேன். தரைக்கு அடியில் இடித்த ஜல்லி, தூணிலும் மேல்தளத்திலும் கருங்கல் ஜல்லி. அடுத்த வீட்டுக்கும் இதையேதான் செய்வேன்.

கருங்கல் ஜல்லியைப் பற்றி நம் ஊரில் அதிகம் சொல்லத் தேவையில்லை. சேர்வராயன் மலையும் அதைச் சுற்றிய குன்றுகளும் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். இறுக்கமானவை, தண்ணீர் குடிக்காதவை. முக்கால் ஜல்லி கேட்டால் முக்கால் ஜல்லியே வரும், இன்றைக்கு வந்த லோடும் அடுத்த வாரம் வரும் லோடும் ஒரே மாதிரி இருக்கும். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கலவை போடலாம்.

இடித்த கான்கிரீட்டை உடைத்தால் கிடைப்பதும் அதே கருங்கல்தான். வித்தியாசம், கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் பழைய சிமென்ட் கலவை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அது எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பது தானாகத் தெளிந்துவிடும். அந்தக் கலவை நுண்துளைகள் நிறைந்தது. ஒரு கை ஜல்லியை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கருங்கல் சும்மா கிடக்கும், இடித்த ஜல்லியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். காற்று வெளியேறிய இடத்தில் தண்ணீர் போய் உட்காருகிறது.

எவ்வளவு குடிக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்தேன். ஜல்லியை 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியால் மேற்பரப்பை மட்டும் துடைத்து, சரியாக 2,000 கிராம் நிறுத்தேன். பிறகு இரும்புக் கடாயில் போட்டு, எடை குறைவது நிற்கும்வரை அடுப்பில் வறுத்தேன். கருங்கல் ஜல்லி 1,990 கிராமில் நின்றது. எங்கள் பழைய மேல்தளத்தை உடைத்த ஜல்லி 1,896-க்கு இறங்கியது. அதாவது 1,896 கிராம் கல்லுக்குள் 104 கிராம் தண்ணீர், ஏறத்தாழ ஐந்தரை சதவீதம். கருங்கல்லுக்கு அரை சதவீதம்தான். லேபில் செய்வது போலத் துல்லியம் இல்லை என்றாலும் முடிவெடுக்க இது போதும்.

ஐந்தரை சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும், மூட்டைக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். எம்20 என்ற வலுத்தரத்துக் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமென்ட்டோடு சுமார் 150 கிலோ ஜல்லி போகும், தண்ணீர் 27 லிட்டர் அளவில் இருக்கும். அந்த ஜல்லி முழுவதும் காய்ந்த இடித்த ஜல்லி என்றால், அது கிட்டத்தட்ட 8 லிட்டரை உறிஞ்சிவிடும். உடனே உறிஞ்சாது, கொஞ்சம் கொஞ்சமாக. மிக்சரிலிருந்து இறங்கும்போது குழைவாக இருக்கும் கலவை, மேலே ஏற்றிப் பரப்புவதற்குள் விறைத்துப் போகும். அப்போது எந்த மேஸ்திரியும் செய்வது ஒன்றுதான், குடத்தைச் சாய்ப்பார். எவ்வளவு சாய்த்தார் என்பதற்குக் கணக்கே இருக்காது. கான்கிரீட் வலுவிழப்பது பெரும்பாலும் அங்கேதான். அதோடு, ஒட்டியிருக்கும் பழைய கலவை கல்லைவிட மென்மையானது. காயும்போது கான்கிரீட் கூடுதலாகச் சுருங்கும், விரிசலுக்கு வாய்ப்பு கூடும்.

விதிமுறையும் இதைத்தான் பேசுகிறது. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணலுக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 383. 2016-இல் திருத்திய அதன்படி, கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம்வரை சேர்க்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம்வரை, அதுவும் எம்25 தரம்வரை மட்டும். எம்15-க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுக்கவே போடலாம். செங்கல், ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லி என்றால் முதல் இரண்டுக்கும் அனுமதியே இல்லை, மெலிந்த கலவைக்கு மட்டும்தான்.

அதனால்தான் இடிக்கும்போதே பிரிக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய மொட்டை மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன்மேல் தட்டோடு. இதை எடுக்காமல் பிரேக்கரை இறக்கினால் நல்ல கான்கிரீட்டும் கலப்பு ஜல்லியாகிவிடும். நாங்கள் இரண்டு நாள் ஆள் விட்டு அந்தச் செங்கல் சுண்ணாம்புத் தளத்தைக் கொத்தி எடுத்த பிறகே இடிக்க விட்டோம். கழிவறைப் பக்கக் கான்கிரீட்டையும் செப்டிக் டேங்க் மூடியையும் தனியே ஒதுக்கினோம், அவற்றில் உப்பு ஏறியிருக்கும். பி.ஓ.பி. சீலிங் இருந்த வீடு என்றால் அதைத் துளியும் கலக்க விடாதீர்கள். ஜிப்சம் சிமென்ட்டோடு சேர்ந்து பின்னாளில் உப்பும், தரை வெடிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். மேல்தளம் 5 அங்குலம் என்று வைத்தால் 375 கன அடி, உத்திரம், தூண், லிண்டல், சன்ஷேடு சேர்த்து இன்னொரு 125. மொத்தம் 500 கன அடி கான்கிரீட். கம்பியை உருவிவிட்டு, டிராக்டரில் இழுத்துவரும் சின்ன ஜா கிரஷரை வாடகைக்கு எடுத்து வாசலிலேயே உடைத்தோம். உடைத்தால் உப்பி எட்டரை யூனிட், அதாவது 850 கன அடி வந்தது. அதில் நாலரை யூனிட்டைச் சலித்து, மூன்று யூனிட் ஜல்லியைத் தரைக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு ஒதுக்கினேன். சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8, எம்15-க்குக் கீழான மெலிந்த கலவைதான். புது வீட்டின் 1,000 சதுர அடிக்கு 4 அங்குலக் கனம், சரியாகப் போதுமானதாக இருந்தது.

இங்கே நான் கறாராக இருந்தது ஊறவைப்பதில் மட்டும். 1:4:8-இல் ஒரு மூட்டைக்கு 360 கிலோ அளவுக்கு ஜல்லி போகிறது, அது குடிக்கக்கூடியது 20 லிட்டர். முதல் நாள் சாயங்காலமே குவியலைக் கிளறிக் கிளறி நனைத்து, சாக்கு போட்டு மூடினோம். காலையில் ஒருமுறை தண்ணீர் காட்டி, வடிந்த பிறகு அள்ளினோம். கல் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. எங்கள் மேஸ்திரி அண்ணன் முதலில், "இதென்னங்க தம்பி, ஜல்லிக்குக் குளிப்பாட்டி விடறீங்க" என்றார். இரண்டாவது கலவையில் நனைக்காத ஜல்லி கொஞ்சம் கலந்துவிட்டது, பரப்பும்போதே கரணை இழுக்கவில்லை. அதற்கப்புறம் அவரே தண்ணீர்ப் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மீதி நாலு யூனிட்டைச் சலிக்கவில்லை. அதிலிருந்து எடுத்து, கார் வரும் பாதைக்கு அடித்தளமாகத் தூளோடு சேர்த்தே போட்டேன். 10 அடி அகலம், 40 அடி நீளம், இறுகிய பின் 6 அங்குலம். இதற்கு இரண்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தது. இடித்த ஜல்லிக்கு ஆகச் சிறந்த இடம் இதுதான் என்பேன். முனை முனையாக உடைந்திருப்பதால் ரோலர் ஓட்டினால் நன்றாகக் கடித்துக்கொள்கிறது. தூளில் இன்னும் வினைபுரியாத சிமென்ட் கொஞ்சம் இருக்கும், ஈரம் பட்டதும் அது மெல்ல இறுகும். ஒரு மாதம் கழித்து குழாய் புதைக்கத் தோண்டியபோது கடப்பாரை எகிறியது. சாலை வேலையிலும் அடித்தளத்தின் கீழ் அடுக்குக்கு உடைத்த கான்கிரீட்டை அனுமதிக்கிறார்கள், அதற்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 121 என்ற வழிகாட்டி 2017-இல் வந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கிரஷர் ஜல்லியைவிடக் கூடுதலாகத் தண்ணீர் தெளித்து உருட்ட வேண்டும். காய்ந்த நிலையில் உருட்டினால் இறுகியது போலத் தெரியும், முதல் மழைக்கு அமுங்கும்.

இரண்டு மழைக்காலம் பார்த்தாயிற்று, பாதையில் அமுக்கம் இல்லை. ஆனால் அதில் ஓடியது காரும் எப்போதாவது ஒரு தண்ணீர் டிராக்டரும்தான். லோடு லாரி தினம் போகும் குடோன் வாசலுக்கு இதே 6 அங்குலம் போதும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

விதி 20 சதவீதம் அனுமதித்தும் தூணிலும் தளத்திலும் ஏன் போடவில்லை என்று கேட்கலாம். எங்கள் வீட்டுக் கம்பி கான்கிரீட்டுக்கு மொத்த ஜல்லியே பத்து யூனிட் சுமாருக்குத்தான். 20 சதவீதம் என்றால் இரண்டு யூனிட் மிச்சம். ஒவ்வொரு மூட்டைக்கும் ஐந்தில் ஒரு பங்கு சரியாக விழ வேண்டும், அது சரியாக ஊறியிருக்க வேண்டும். பாண்டு கணக்கில் அள்ளிப் போடும் சைட்டில் அதற்கு உத்தரவாதம் இல்லை. எடை போட்டுக் கலக்கும் ரெடிமிக்ஸ் பிளான்ட்டில், லேப் சோதனையோடு செய்தால் நான் தடுக்க மாட்டேன்.

இன்னொரு இடம், அங்கே கண்டிப்பாகக் கூடாது. ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவர் காப்பித் தோட்டத்துச் சரிவில் தடுப்புச் சுவர் கட்டி, சுவருக்குப் பின்னால் வடிகாலுக்காக இடித்த ஜல்லியை நிரப்பியிருந்தார். இரண்டு வருடத்தில் சுவரின் வடிதுளைகளில் வெள்ளையாகப் படிந்து பாதித் துளைகள் அடைத்துவிட்டன. பழைய கலவையிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து வந்து, வெளிக்காற்று பட்ட இடத்தில் கல்லாகப் படிகிறது. தண்ணீர் வெளியேறாமல் சுவரைத் தள்ளும், மலையில் அது விளையாட்டு இல்லை. வடியும் தண்ணீரும் ஆரம்பத்தில் கடும் காரமாக இருக்கும், புளிப்பு மண்ணை விரும்பும் காப்பிச் செடிக்கு ஆகாது. வடிகால், கிணற்றைச் சுற்றிய நிரப்பு, செடி வேர் இருக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் சுத்தமான கருங்கல் ஜல்லிதான்.

பண விஷயத்தில் சேலத்துக்காரர்கள் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். குவாரி பக்கத்திலேயே இருப்பதால் ஜல்லி வண்டி வாடகை நமக்குக் குறைவு. கிரஷர் வாடகை, சலிக்கும் ஆள் கூலி எல்லாம் சேர்த்தால் ஜல்லிக்கு ஜல்லி கிட்டத்தட்டச் சமம்தான் வந்தது. மிச்சமானது, இடிபாட்டை அள்ளிக்கொண்டு போகும் டிப்பர் நடைகள். ஏற்காட்டில் கணக்கு வேறு. அங்கே ஜல்லி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், இடிபாடும் அதே வழியில் இறங்க வேண்டும். மலைமேல் ஒரு பழைய கட்டடத்தை இடித்து அதே இடத்தில் கட்டுபவர், தரைக்கும் பாதைக்கும் இதைப் பயன்படுத்தினால் இரண்டு பக்க வாடகையும் மிஞ்சும். அந்தத் தோட்டக்காரரும் சுவருக்குப் பின்னாலிருந்து தோண்டி எடுத்த ஜல்லியைக் கொட்டிவிடவில்லை. காப்பி உலர்த்தும் களத்துக்கு அடியில் பரப்பி உருட்டிவிட்டு, சுவருக்கு மட்டும் கீழேயிருந்து ஒன்றரை ஜல்லி இரண்டு லோடு ஏற்றினார்.